டிஸ்க் போகலை, வழிதான் போச்சு

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர், தன் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி மாட்டினார். ஆன் செய்தபோது புது எஸ்எஸ்டி தெரிந்தது. நான்கு வருட வேலையைச் சேர்த்துவைத்திருந்த ஹார்டு டிஸ்க்கைக் காணோம். இரவு பதினொரு மணிக்கு போன்.

“அண்ணே, டிஸ்க் போச்சுன்னு நினைக்கிறேன். ஆனா சுத்துற சத்தம் கேக்குது.”

“அதோட டேட்டா கேபிள் எந்த நம்பர்ல சொருகியிருக்கு, பாருங்க.”

“ஆறு.”

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கரண்ட் அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயரில் வருவதால் சுற்றிக்கொண்டிருந்தது. டேட்டா போகும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அடைத்தது புது எஸ்எஸ்டி.

அவருடைய போர்டில் இருப்பது இன்டெல் 2015-இல் வெளியிட்ட இசட்170 சிப்செட். அதன் விவரப் பட்டியலில் 20 பிசிஐஇ லேன், 6 சாட்டா போர்ட், 10 யுஎஸ்பி 3.0 என்று போட்டிருக்கும். கூட்டினால் 36. ஆனால் அந்தச் சில்லிலிருந்து வெளியே வரும் அதிவேக லேன்கள் மொத்தமே 26. மூன்றும் முழுசாக ஒரே நேரத்தில் கிடைக்காது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

லேன் என்பது அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி என நான்கு கம்பிகள். சாட்டா கேபிளுக்குள் டேட்டாவுக்கு இருப்பதும் அதே நான்குதான். அதனால் சில லேன்களை பிசிஐஇ ஆகவோ சாட்டாவாகவோ திருப்பிவிடும்படி சில்லை வடிவமைத்திருக்கிறார்கள். இசட்170-இல் பிசிஐஇ 17, 18 ஆகிய லேன்கள்தான் கடைசி இரண்டு சாட்டா போர்ட்டுகளுக்கும் போகின்றன. என்விஎம்இ எஸ்எஸ்டி முழு வேகத்துக்கு நான்கு லேன் கேட்கும். போர்டு தயாரித்தவர் எம்.2 ஸ்லாட்டுக்கு 17 முதல் 20 வரை கொடுத்திருந்தால், எஸ்எஸ்டி ஏறியதும் 5, 6 எண்ணுள்ள சாட்டா போர்ட்டுகள் அவிந்துவிடும்.

எம்.2 ஸ்லாட்டில் ஏறும் எல்லா எஸ்எஸ்டியும் என்விஎம்இ அல்ல. பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் சாட்டா வகையும் உண்டு. அதன் தங்கநிற விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும். அதற்கு ஒரு லேன் போதும் என்பதால் பொதுவாக ஒரு போர்ட்தான் போகும். எது ஏறியிருக்கிறது என்பதை 69-ஆம் பின் சொல்லிவிடும். சாட்டா வகை அந்தப் பின்னை கிரவுண்டோடு இணைக்கும், பிசிஐஇ வகை சும்மா விட்டுவிடும்.

மேனுவல்களில் இதை ‘பேண்ட்விட்த்தைப் பகிர்ந்துகொள்கிறது’ என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அது தவறான சொல். பகிர்வு என்றதும், இரண்டும் ஓடும், வேகம்தான் கொஞ்சம் குறையும் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அப்படியில்லை. லேன் ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் செத்த போர்ட்.

உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் பயாஸில் பாருங்கள். அங்கே டிஸ்க் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியவில்லை என்றால் கதையே வேறு. `diskmgmt.msc` திறந்து, அதற்கு டிரைவ் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாம். பயாஸிலேயே இல்லை என்றால், மெயின் கரண்டை அணைத்து எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். டிஸ்க் திரும்பி வந்தால் லேன்தான் காரணம். டேட்டா மீட்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

நண்பருக்கு வேலை சுலபமாக முடிந்தது. கேபிளை ஆறிலிருந்து மூன்றுக்கு மாற்றினார், டிஸ்க் அப்படியே வந்தது. ஆறு போர்ட்டிலும் டிஸ்க் வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல். சில போர்டுகளின் பயாஸில் எம்.2 ஸ்லாட்டை நான்கு லேனிலிருந்து இரண்டாகக் குறைக்க வழியிருக்கிறது. போர்ட்டுகள் உயிர்பெறும், எஸ்எஸ்டியின் உச்ச வேகம் பாதியாகும். ஹார்டு டிஸ்க் வைத்து வீடியோ சேமிப்பவருக்கு அது பெரிய இழப்பில்லை. தனி சாட்டா கார்டும் போடலாம், ஆனால் அதை மாட்டும் ஸ்லாட்டே வேறொன்றோடு லேனைப் பங்குபோட்டிருக்கக்கூடும்.

பிராசஸரிலிருந்தே நேரடியாக நான்கு லேன் பெறும் எம்.2 ஸ்லாட், 2017-இல் வந்த ரைசனிலும் 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை இன்டெல்லிலும் உண்டு. பொதுவாக அது சாட்டாவைத் தொடாது. இரண்டாவது, மூன்றாவது ஸ்லாட்டுகள் பெரும்பாலும் இன்னமும் சிப்செட்டை நம்பித்தான் இருக்கின்றன. எஸ்எஸ்டிக்குக் காசு கொடுக்கும் முன், உங்கள் போர்டின் மேனுவலில் எம்.2 பக்கத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.