ஈரத் தரைக்கு ஏற்ற செருப்பு

வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ போடும் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் குதிகால் படும் இடத்தில் கோடுகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். நடக்கும்போது முதலில் தரையில் படுவது அந்த இடம்தான். சறுக்கல் தொடங்குவதும் அங்கேதான். குதிகால் பட்ட கணத்தில் கால் முன்னால் ஓடிவிட, உடம்பு பின்னால் சாய்கிறது. இப்படி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

ஈரமான டைல்ஸுக்கும் சோலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. எடை இறங்கும்போது அந்தத் தண்ணீர் வெளியேற வழி இருந்தால்தான் சோல் தரையைப் பிடிக்கும். சோலில் கோடு வெட்டியிருப்பது இதற்காகத்தான். ஆகவே கோடுகள் ஓரம்வரை ஓடித் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகப் பதித்த பூவும் வட்டமும் தண்ணீரை உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். அடுத்து, கட்டைவிரல் நகத்தால் சோலை அழுத்திப் பாருங்கள். ரப்பர் சற்று உள்வாங்கித் திரும்பும். கெட்டியான பிளாஸ்டிக் அசையாது. அந்தப் பிளாஸ்டிக்தான் ஈரத்தில் வழுக்கும். ‘ஆன்டி ஸ்கிட்’ என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

சோல் நன்றாக இருந்தாலும், செருப்பு காலோடு நிற்காவிட்டால் பயனில்லை. ஹவாய் செருப்பைக் கட்டைவிரலும் பக்கத்து விரலும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். விரலில் வலு குறைந்தவர்கள் அது கழன்றுவிடக் கூடாதே என்று காலைத் தூக்காமல் இழுத்து நடப்பார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு கழன்றதே தெரியாது. எனவே பின்னால் வார் உள்ளதாக, மேலே வெல்க்ரோ ஒட்டி இறுக்கக்கூடியதாக வாங்குவதே சரி. சோல் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும். மெத்தென்று புதையும் தடித்த சோல் கடையில் சுகமாக இருக்கும். ஆனால் தரை எங்கே இருக்கிறது என்பதைப் பாதம் உணரவிடாது.

என் பெரியம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, சாயங்காலமானால் கால் வீங்கும். அதனால் மாலையில் அவரை நிற்க வைத்து, காகிதத்தில் இரண்டு பாதங்களையும் வரைந்துகொண்டோம். பெரிய பாதத்தின் நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் சேர்த்து, அந்த அளவுக்கு வாங்கினோம். “வீட்டுக்குள்ள செருப்பா, சாமி இருக்கிற எடத்துல?” என்று மறுத்தவர், வாசலைத் தாண்டாத புதுச்செருப்பு, பூஜை அறைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கழற்றலாம் என்றதும் சம்மதித்தார். குளியலறைக்கு வேறு ஜோடி: தண்ணீர் வடிய ஓட்டை உள்ள, பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. நனைந்த செருப்போடு கூடத்துக்கு வந்தால் அங்கேயும் தரை ஈரமாகும். ஈரம் காயாத செருப்பால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். குளியலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாற்றும் நேரமும் ஆபத்தானதுதான். முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பை யாரோ பரிசளித்தார்கள். மரத்த பாதத்தில் அது புண்ணாக்கினாலும் தெரியாது என்பதால் எடுத்து வைத்துவிட்டோம்.

வாங்கியதும் சோதித்துப் பார்க்கலாம். குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தெளியுங்கள். ஒரு காலணியைக் கையில் மாட்டி, தரையில் அழுத்தி, குதிகால் பக்கமாக முன்னால் தள்ளுங்கள். பழையதையும் அதே இடத்தில் அதே அழுத்தத்தில் தள்ளுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். பெரியவரை நிற்க வைத்துச் சோதிக்கக் கூடாது.

பிடிப்பு அதிகமாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. பார்க்கின்சன் நோயாலோ பக்கவாதத்தாலோ காலைத் தேய்த்து நடப்பவருக்கு, உலர்ந்த தரையில் ரப்பர் முனை சட்டென்று ஒட்டிக்கொண்டு, ஆளை முன்னால் தள்ளிவிடும். அவர் நடக்கும்போது முன்விரல் பக்கம் தட்டுகிறதா என்று பத்தடி தூரம் கூடவே நடந்து கவனியுங்கள். தட்டினால் கூடத்துக்கு முனை சற்று மேலே வளைந்த, பிடிப்பு குறைந்த சோல் போதும். எதைத் தேர்வது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எந்தச் சோலையும் நம்ப வேண்டாம். எண்ணெய் சிந்திய தரையில் நல்ல ரப்பரும் வழுக்கும். அன்று ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி, தரையைச் சீயக்காயோ சோப்போ போட்டுக் கழுவித் துடைத்த பிறகே எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். செருப்பின் அடியையும் அப்போதே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கோடுகளுக்குள் சோப்பழுக்கு அடைத்தால் புதுச்செருப்பும் பழையதைப் போலவே வழுக்கும். கழுவியும் குதிகாலில் கோடு தெரியவில்லை என்றால், மேல்பாகம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.