ஒளிந்திருக்கும் x − 4

நுண்கணிதப் பயிற்சித்தாளைப் பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும்போது, வர்க்கமூலக் குறியின் மேற்கோடு எதுவரை நீள்கிறது என்பது பல நேரம் மங்கிவிடும். இந்தக் கணக்கையே பாருங்கள்: x ஆனது 4-ஐ நெருங்கும்போது

(√(x + 5) − 3) / (x − 4)

எதை நெருங்குகிறது? முதலில் 4-ஐ அப்படியே போட்டுப் பார்க்க வேண்டும். √9 − 3 என்பது 0. கீழேயும் 0. ஆக 0/0 வருகிறது. பாடநூலில் இதற்குத் தேரப்பெறா வடிவம் என்று பெயர். கோடு x-இன் மேல் மட்டும் இருப்பதாக எடுத்துக்கொண்டால் மேலே 2 + 5 − 3, அதாவது 4 வரும். 4/0 என்றால் அந்த எல்லை ஓர் எண்ணாக இருக்கவே முடியாது. அப்படி வந்தால் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

0/0 வந்ததும் பலர் 'விடை இல்லை' என்றோ '1' என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். மேலும் கீழும் ஒன்றாகச் சுழியாகின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரண்டில் எது எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

மேலே x² − 16 இருந்திருந்தால் வேலை எளிது. அதை (x − 4)(x + 4) என்று காரணிப்படுத்தி, கீழே உள்ள x − 4-ஐ நீக்கினால் மிஞ்சுவது x + 4, விடை 8. x நான்கை நெருங்குகிறதே தவிர நான்காவதில்லை. அதனால் x − 4 சுழியல்ல, அதை நீக்குவதில் தவறில்லை.

நம் கணக்கில் அந்தக் காரணி மூலக்குறிக்குள் மறைந்திருக்கிறது. வெளியே கொண்டுவர, மேலும் கீழும் √(x + 5) + 3 ஆல் பெருக்குகிறோம். மேலே (x + 5) − 9, அதாவது x − 4 கிடைக்கிறது. கீழே இருப்பது (x − 4)(√(x + 5) + 3). இங்கேதான் பலர் கீழ்ப்பகுதியையும் பெருக்கி விரித்து, நீக்க வேண்டிய காரணியைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள். அதை விரிக்காமல் விட வேண்டும். x − 4 நீங்கியதும் மிஞ்சுவது

1 / (√(x + 5) + 3)

இப்போது 4-ஐப் போட்டால் 1/6.

உண்மையில் இரண்டு வழியும் ஒன்றுதான். x − 4 என்பதை (√(x + 5) − 3)(√(x + 5) + 3) என்றே எழுதலாம். மூலத்தை நீக்குவதும் ஒருவகைக் காரணிப்படுத்தலே. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. பள்ளியில் இரண்டையும் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்ய வைப்பது வருத்தம் தருகிறது.

விடையைக் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். x = 4.1 எனில் 0.1662; x = 3.9 எனில் 0.1671. இரண்டுக்கும் நடுவே 1/6, அதாவது 0.1667 இருக்கிறது. ஆனால் x சுழியை நெருங்கும்போது sin x / x எதை நெருங்கும் என்று கேட்டால் இந்த உத்திகள் உதவாது. அதிலும் 0/0 வரும், நீக்குவதற்குக் காரணிதான் இராது. விடை 1 என்று காட்ட வட்டத்தை வரைந்து பரப்புகளை ஒப்பிட வேண்டும்.