சோப்பில் மீந்துபோகும் காரம்

கண்காட்சிக் கடைகளிலும் ஆர்கானிக் அங்காடிகளிலும் விற்கும் கைவினை சோப்புகளின் உறையில் இரண்டு வாசகங்களை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று ‘ரசாயனம் இல்லாதது’. மற்றொன்று ‘பி.எச். 5.5’. எண்ணெயில் செய்த உண்மையான சோப்புக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. காஸ்டிக் சோடா சேராமல் எந்த எண்ணெயும் சோப்புக்கட்டியாக மாறாது. அப்படி மாறிய சோப்பைத் தண்ணீரில் கரைத்தால் அதன் பி.எச். 9-க்கும் 10.5-க்கும் இடையில்தான் நிற்கும். எலுமிச்சைச் சாறோ தயிரோ சேர்த்து அதை 5.5-க்கு இறக்கவும் முடியாது. அந்த அளவு அமிலம் சேர்ந்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகிவிடும், நுரையே வராது. 5.5 என்ற அளவு சாத்தியமாவது சின்டெட் எனப்படும் கட்டிகளில்தான். அவை எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்த சோப்பு அல்ல. வேறு வகை நுரைப்பொருள்களால் ஆனவை.

அப்படியென்றால் எல்லா சோப்பும் ஒரே அளவு கெடுதலா? இல்லை. சோப்பில் இருக்கும் காரத்தன்மை இரண்டு வகை. ஒன்று சோப்பின் பிறவிக்குணம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இருக்கும். மற்றொன்று செய்தவரின் கணக்கு தவறியதால் எண்ணெயோடு சேராமல் மீந்துபோன காஸ்டிக் சோடா. தோலைச் சுட்டெரிக்கக்கூடியது இந்த இரண்டாவது வகை.

ஒரு கிலோ எண்ணெயின் கணக்கு

ஒவ்வோர் எண்ணெய்க்கும் அதை முழுதாகச் சோப்பாக்கத் தேவைப்படும் காஸ்டிக் அளவு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் தேவை. கடலை எண்ணெய்க்குச் சுமார் 136 கிராம் போதும். விளக்கெண்ணெய்க்கு இன்னும் குறைவு, 128 கிராம் அளவில். அனுபவமுள்ளவர்கள் இந்தக் கணக்கில் வருவதிலிருந்து 5 சதவீதம் குறைத்தே காஸ்டிக்கை எடுப்பார்கள். கொஞ்சம் எண்ணெய் மீந்தால் தோலுக்கு இதம். காஸ்டிக் மீந்தால் ஆபத்து என்பதே காரணம்.

கணக்கு எங்கே தவறும் என்று பார்ப்போம். வீட்டில் சோப்பு செய்யும் ஒருவர் அரைக் கிலோ தேங்காய் எண்ணெயும் அரைக் கிலோ கடலை எண்ணெயும் எடுக்கிறார். இந்தக் கலவைக்கு முழு அளவாக 159.5 கிராம் காஸ்டிக் வேண்டும். 5 சதவீதம் குறைத்தால் 151 அல்லது 152 கிராம். ஆனால் அவர் வழக்கமாகச் செய்வது தனித் தேங்காய் எண்ணெய் சோப்பு. அதற்கான 174 கிராமையே பழக்கத்தில் போட்டுவிடுகிறார். இப்போது எண்ணெய் முழுவதும் சோப்பான பிறகும் 14.5 கிராம் காஸ்டிக் எதோடும் சேராமல் நிற்கும். காய்ந்த சோப்பின் எடை 1,300 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 1.1 சதவீதம் தனிக் காஸ்டிக். குளியல் சோப்பில் இப்படித் தனித்து நிற்கும் காஸ்டிக்குக் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த உச்சவரம்பு 0.05 சதவீதம். நம் உதாரணச் சோப்பு அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் போய்விட்டது. பார்ப்பதற்கு அது நல்ல சோப்பைப் போலவே இருக்கும். கெட்டியாக இருக்கும், நன்றாக நுரைக்கவும் செய்யும்.

கணக்கு சரியாக இருந்தும் கலக்கியது போதாமல் போகலாம். எண்ணெயும் கார நீரும் முழுதாகக் கூடுவதற்கு முன்பே, கலவை கெட்டியானதுபோல் தெரிந்ததும் அச்சில் ஊற்றிவிட்டால், கார நீர் அங்கங்கே குழிகளில் தங்கிவிடும். அதே அச்சில் வெட்டிய ஒரு துண்டு நல்லதாகவும் அடுத்த துண்டு எரிச்சல் தருவதாகவும் இருப்பது இதனால்தான்.

காயவைத்தால் சரியாகிவிடுமா?

‘ஆறு வாரம் பதப்படுத்தியது, அதனால் காரம் போய்விட்டது’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. எண்ணெய்க்கும் காஸ்டிக்குக்கும் இடையிலான வினை பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். பிறகு வரும் நான்கு முதல் ஆறு வாரங்களில் முக்கியமாக நடப்பது தண்ணீர் வற்றுவது. சோப்பு இறுகும், சீக்கிரம் கரையாது, நுரை நன்றாக வரும். ஆனால் சேர்வதற்கு எண்ணெயே இல்லாமல் மீந்த 14.5 கிராம் காஸ்டிக் எங்கே போகும்? மேற்பரப்பில் இருப்பது மட்டும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக மாறும். அதுவும் காரம்தான், கொஞ்சம் வீரியம் குறைந்தது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

சோப்பின் மேல் படியும் மெல்லிய வெள்ளைப் பூச்சைப் பார்த்து அதிகம் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் இந்தச் சோடாதான். சரியான கணக்கில் செய்த சோப்பிலும் வரும், ஈரத்துணியால் துடைத்தால் போகும். கவலைப்பட வேண்டியது சோப்பை வெட்டிப் பார்க்கும்போது தெரிவதைப் பற்றி. உள்ளே வெள்ளைக் கட்டிகள், நீர் கசியும் துளைகள், தொட்டதும் பொடிப்பொடியாக உதிரும் பகுதி இருந்தால் காரம் மீந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது.

பி.எச். தாள் ஏன் உதவாது

பலர் பி.எச். தாளை நனைத்துச் சோப்பின் மேல் ஒட்டிப் பார்க்கிறார்கள். அது 9 அல்லது 10 காட்டும். நல்ல சோப்பும் அதையே காட்டும். சோப்பு தண்ணீரில் கரையும்போது தானே காரத்தை வெளியிடுவதால், அதன் பிறவிக்குணத்தையும் மீந்துபோன காஸ்டிக்கையும் தண்ணீரில் வைத்துச் சரியாகப் பிரித்துக் காண முடியாது. பினாப்தலீன் சொட்டு விட்டு இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்ப்பதிலும் இதே சிக்கல். ஈரமான சோப்பு எதுவாக இருந்தாலும் கொஞ்சம் சிவக்கும்.

ஆய்வகத்தில் இதைப் பிரித்துக் காட்டுவது ஆல்கஹால். பத்து கிராம் சோப்பை, முன்பே நடுநிலையாக்கிய சூடான ஆல்கஹாலில் கரைப்பார்கள். தண்ணீர் இல்லாததால் சோப்பு தன் காரத்தை வெளியிடாது. இப்போது பினாப்தலீன் விட்டால் சிவப்பது தனிக் காஸ்டிக் இருந்தால் மட்டுமே. பிறகு அளவு தெரிந்த நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மறையும் இடத்தில் நிறுத்துவார்கள். பத்தில் ஒரு நார்மல் அமிலம் என்றால், வரம்புக்குள் உள்ள சோப்பு ஒன்றேகால் மில்லிக்குள் நிறமிழக்கும். நம் உதாரணச் சோப்புக்கு 28 மில்லி தேவைப்படும். கல்லூரி வேதியியல் கூடத்தில் செய்துவிடக்கூடிய சோதனைதான் இது. தொடர்ந்து விற்பனை செய்பவர் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டுக்கு இதைச் செய்து வைத்திருக்கலாம்.

தோலில் என்ன நடக்கிறது

நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். தோலின் வெளி அடுக்கில் தட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, அவற்றின் இடையில் கொழுப்பு நிறைந்திருக்கும். இந்தக் கொழுப்பில் முக்கியமானது செராமைடு. அதைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். செல்களைக் கோத்துப் பிடிக்கும் இணைப்புகளை வெட்டும் நொதிகளோ பி.எச். ஏறினால் சுறுசுறுப்பாகும். அதனால் சாதாரண சோப்பு போட்டுக் குளித்தாலே பி.எச். சில மணி நேரம் உயர்ந்திருக்கும். கட்டும் வேலை குறையும், பிரிக்கும் வேலை கூடும். ஆரோக்கியமான தோல் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கரப்பான் உள்ளவர்களும் வறண்ட தோல் உள்ள முதியவர்களும் கைக்குழந்தைகளும் அவ்வளவு எளிதில் மீள மாட்டார்கள்.

மீந்த காஸ்டிக் இதற்கு மேலும் ஒரு வேலை செய்கிறது. தோலிலுள்ள கொழுப்போடு சேர்ந்து அதையே சோப்பாக்கிவிடும். தோலின் புரதத்தையும் ஊறிக் கரையவைக்கும். விரல்களில் வழுக்கும் உணர்வு, அலசிய பிறகும் நீடிக்கும் இறுக்கம், சிவப்பு, கண் இமையிலும் சவரம் செய்த இடத்திலும் சுரீர் என்ற எரிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். தண்ணீரில் நீர்த்து உடனே கழுவப்படுவதால் ஒரே குளியலில் பெரும்பாலும் புண் வராது. வெடிப்புள்ள கைகளில் நாளுக்குப் பலமுறை பட்டால் தொல்லை தெரியும்.

மீந்த காரம் துளியும் இல்லாத சோப்பும் தோலை வறளச் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனித் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு எண்ணெய்ப்பசையைக் கடுமையாக அகற்றும். அதனால்தான் அதைச் செய்பவர்கள் 5 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வரை எண்ணெயை மீதம் விடுவதுண்டு.

கிளிசரின் சோப்பின் கதை வேறு

எண்ணெய் சோப்பாகும்போது கிளிசரினும் சேர்ந்தே உருவாகும். ஒரு கிலோ எண்ணெய்க்கு எண்ணெயைப் பொறுத்து 100 முதல் 140 கிராம் வரை வரும். பெரிய ஆலைகள் உப்பு சேர்த்து அதைப் பிரித்து எடுத்துவிடுகின்றன. அந்தச் செயல்முறையில் மீந்த காஸ்டிக்கும் கழுவப்பட்டுவிடுகிறது. சூடாக்காமல் செய்யும் கைவினை சோப்பில் கிளிசரின் அப்படியே தங்கும். காஸ்டிக் மீந்திருந்தால் அதுவும்தான்.

கண்ணாடிபோல் தெரியும் கிளிசரின் சோப்பு வேறு முறையில் வருகிறது. சோப்புப் படிகங்கள் உருவாகாமல் தடுக்க ஆல்கஹால், சர்க்கரைக் கரைசல், கூடுதல் கிளிசரின் முதலியவற்றைச் சேர்ப்பார்கள். ஒளி ஊடுருவுவது இந்தச் சேர்க்கையால், தூய்மையால் அல்ல. சந்தையில் கைவினைப் பொருள் என்று விற்கும் பல கிளிசரின் சோப்புகள், ஆலையில் தயாரான அடிக்கட்டியை வாங்கி உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றியவை. செய்தவர் காஸ்டிக்கைத் தொடுவதே இல்லை என்பதால் காரம் மீந்துபோகும் பயம் இதில் குறைவு. ஆனால் அடிக்கட்டியில் சோடியம் லாரத் சல்பேட் போன்ற நுரைப்பொருள் இருக்கலாம். ‘இயற்கை’ என்ற சொல் அதை மறைத்துவிடும். சோப்பின் மேல் முத்து முத்தாகத் துளிகள் தெரிந்தால் அது கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்திருப்பது. கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

உறையில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு செய்தவரிடம் கேளுங்கள்: எந்த எண்ணெய்கள், என்ன விகிதம், எவ்வளவு எண்ணெயை மீதம் விட்டீர்கள், எண்ணெயைப் படியால் அளந்தீர்களா, தராசில் நிறுத்தீர்களா? ‘காஸ்டிக்கே போடவில்லை’ என்று பதில் வந்தால், அது உருக்கி ஊற்றிய அடிக்கட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சொன்னது பொய். ‘தேங்காய் எண்ணெய் 40 சதவீதம், 5 சதவீத எண்ணெய் மீதம், கிராம் தராசில் நிறுத்தது’ என்று தயங்காமல் சொல்பவருக்குத் தன் கணக்கு தெரியும்.

வாங்கிய சோப்பு எரிந்தால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகரையோ எலுமிச்சையையோ தேய்க்க வேண்டாம். புண்பட்ட தோலில் அமிலம் இன்னொரு எரிச்சலையே சேர்க்கும். சிவப்போ கொப்புளமோ வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதற்குக் காரணமான சோப்பை இன்னும் சில வாரம் காயவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்காதீர்கள்.