கடந்ததைப் பார்த்தாரா, கடக்கும்போது பார்த்தாரா?

ஆங்கிலத்தில் ஸீ, ஹியர், வாட்ச் போன்ற புலனறி வினைகளைத் தொடர்ந்து வரும் வினை இரண்டு வடிவம் எடுக்கும். ‘ஐ சா ஹிம் கிராஸ் த ரோடு’ என்பதில் அது வெறும் வினையடி. ‘ஐ சா ஹிம் கிராஸிங் த ரோடு’ என்பதில் ‘இங்’ விகுதி சேர்கிறது.

முதல் வாக்கியத்தைச் சொல்பவர், அவன் இந்த ஓரத்தில் இறங்கியது முதல் அந்த ஓரத்தில் ஏறியது வரை முழுவதையும் பார்த்தவர். இரண்டாவதைச் சொல்பவர் நடுவில் ஒரு பகுதியைப் பார்த்தவர். அவன் போய்ச் சேர்ந்தானா என்பதற்கு அந்த வாக்கியம் பொறுப்பேற்பதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ‘பாதி வழியில் பஸ் அவன்மீது மோதிவிட்டது’ என்று அடுத்துச் சேர்த்துப் பார்க்கலாம். ‘கிராஸிங்’ என்றவருக்கு இது இயல்பாகப் பொருந்தும். ‘கிராஸ்’ என்றவரின் பேச்சோ முன்னுக்குப் பின் முரணாகிவிடும். விபத்து வழக்கில் சாட்சி சொல்பவரிடம் இந்த ஒரு விகுதி மிக முக்கியமானது.

நொடியில் முடியும் செயல்களில் வேறுபாடு சற்று மாறும். ‘ஹியர்ட் ஹர் காஃப்’ என்றால் பெரும்பாலும் ஒரு இருமல். ‘காஃபிங்’ என்றால் தொடர் இருமல்.

தமிழில் ‘அவன் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன்’ என்பது இரண்டுக்கும் இடம் தரும். அதனால்தான் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு எளிதில் நழுவுகிறது. ‘கடந்ததை’, ‘கடந்துகொண்டிருந்ததை’ என்று பிரித்து எழுதினால் அது தெளிவாகிவிடும்.