புள்ளிக்குப் பின்னால் இருக்கும் விகுதி

பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலுக்கு மேற்கே, டியர்கார்டன் பூங்காவை ஊடறுத்துக்கொண்டு அகலமான சாலை ஒன்று போகிறது. 1953 ஜூன் 17 அன்று கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சோவியத் டாங்கிகள் அந்தக் கிளர்ச்சியை நசுக்கின. அதே ஆண்டு மேற்கு பெர்லின் நிர்வாகம் அந்தத் தேதியையே இந்தச் சாலைக்குப் பெயராக வைத்தது. பெயர்ப்பலகையில் 'ஷ்ட்ராஸெ டெஸ் 17. யூனி' என்று இருக்கும். ஷ்ட்ராஸெ என்றால் சாலை, யூனி என்றால் ஜூன்.

இந்தப் பலகையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், ஜெர்மன் கற்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் 17 வந்ததும் நின்றுவிடுவார்கள். பதினேழு என்ற எண்ணுக்கு ஜெர்மனில் ஸீப்ட்ஸேன். ஆனால் இங்கே எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி இருக்கிறது. அது வாக்கியத்தை முடிக்க வந்த புள்ளி இல்லை. பதினேழு என்று படிக்காதே, பதினேழாம் என்று படி என்பதுதான் அதன் பொருள். ஆகவே ஸீப்ட்ஸேன்டெ என்று படிக்கலாமா? அதுவும் சரியில்லை. இந்த இடத்தில் ஸீப்ட்ஸேன்டென் என்றுதான் படிக்க வேண்டும். கடைசியில் வரும் அந்த 'ன்' பலகையில் எங்குமே எழுதப்படவில்லை. முன்னால் நிற்கும் 'டெஸ்' என்ற சிறு சொல்லைப் பார்த்து, படிக்கிறவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன் எண்களில் எனக்கு மிகவும் பிடித்த இடமும், மாணவர்கள் அதிகம் தடுமாறுகிற இடமும் இதுதான்.

முதலில், எண்ணை வரிசை எண்ணாக மாற்றுவது எப்படி என்று பார்த்துவிடலாம். அது எளிது. 19 வரை எண்ணோடு 'ட்' சேர்த்தால் போதும். நான்கு ஃபீர், நான்காம் ஃபீர்டெ. பத்து ட்ஸேன், பத்தாம் ட்ஸேன்டெ. 20 முதல் 'ஸ்ட்' சேர வேண்டும். இருபது ட்ஸ்வன்ட்ஸிக், இருபதாம் ட்ஸ்வன்ட்ஸிக்ஸ்டெ. விதிவிலக்குகள் நான்கே. ஒன்று 'ஐன்ஸ்', ஆனால் முதலாம் என்பதற்கு 'ஏர்ஸ்டெ' என்ற வேறு சொல் வருகிறது. மூன்று 'ட்ரை', அது 'ட்ரிட்டெ' என்று உருமாறுகிறது. ஏழு 'ஸீபென்', அது சுருங்கி 'ஸீப்டெ' ஆகிறது. எட்டு 'அஹ்ட்' ஏற்கெனவே 'ட்'டில் முடிவதால் இன்னொரு 'ட்' தேவைப்படாமல் 'அஹ்டெ' ஆகிறது. நூறைத் தாண்டிய எண்களில் கடைசித் துண்டு எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கும். 103ஆம் என்பது ஹுன்டர்ட்-ட்ரிட்டெ.

இனி விகுதிக்கு வருவோம். தமிழில் மூன்றாம் தேதி, மூன்றாம் தேதியை, மூன்றாம் தேதியின் என்கிறோம். வேற்றுமை உருபு எல்லாம் 'தேதி' என்ற சொல்லின் தலையில் ஏறிக்கொள்கிறது, 'மூன்றாம்' அசைவதே இல்லை. ஜெர்மனில் தேதி சொல்லும்போது தேதி, நாள் போன்ற பெயர்ச்சொல் வாயில் வருவதே இல்லை. 'டாக்' (நாள்) என்ற சொல் மனசுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொல் ஜெர்மனில் ஆண்பால். அதனால்தான் எல்லாத் தேதியும் ஆண்பாலாகவே நடக்கிறது. பெயர்ச்சொல் இல்லாததால், அது சுமக்க வேண்டிய வேற்றுமையை முன்னால் நிற்கும் சிறு சொல்லும் வரிசை எண்ணும் பங்கு போட்டுச் சுமக்கின்றன.

அக்டோபர் 3 ஜெர்மனியின் தேசிய நாள். 1990இல் அந்த நாளில்தான் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. அதையே எடுத்துக்கொள்வோம். 'இன்று அக்டோபர் மூன்று' என்பதற்கு 'ஹொய்டெ இஸ்ட் டெர் ட்ரிட்டெ ஒக்டோபர்'. தேதி இங்கே எழுவாயின் வேற்றுமையில் நிற்கிறது, விகுதி 'எ'. 'அக்டோபர் மூன்றாம் தேதி அன்று வருகிறேன்' என்றால் 'அம் ட்ரிட்டென் ஒக்டோபர்'. 'அம்' என்பது 'அன்', 'டெம்' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. 'அன்று', 'இல்' என்று தமிழில் சொல்கிற வேலையை அது செய்கிறது. விகுதி 'என்' ஆகிவிட்டது. கடிதத்தின் தலைப்பில் ஊர்ப்பெயருக்குப் பிறகு 'க்யோல்ன், டென் 3. ஒக்டோபர்' என்று எழுதுவார்கள். அதையும் 'டென் ட்ரிட்டென்' என்றே படிக்க வேண்டும். அக்டோபர் மூன்றின் என்று உடைமைப் பொருளில் வந்தால் 'டெஸ் ட்ரிட்டென்'. பெர்லின் சாலைப் பெயரில் இருப்பது இந்த வடிவம்தான்.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம் என்பது புரியும். தேதிக்கு முன்னால் 'டெர்' இருந்தால் 'எ'. டென், அம், ஃபொம், ட்ஸும், டெஸ் என்று வேறு எது இருந்தாலும் 'என்'. 'ஒன்றாம் தேதி முதல் பதினைந்தாம் தேதி வரை' என்பது 'ஃபொம் ஏர்ஸ்டென் பிஸ் ட்ஸும் ஃப்யுன்ஃப்ட்ஸேன்டென்'. இரண்டிலும் 'என்'தான்.

முன்னால் எந்தச் சொல்லும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நாட்காட்டியிலோ தலைப்பிலோ தேதி தனியாக நிற்கும்போது 'ட்ரிட்டெர் ஒக்டோபர்' என்று 'எர்' வருகிறது. காரணம் தெளிவானது. ஆண்பால் எழுவாய் என்று காட்டுகிற 'ர்' எங்காவது ஓர் இடத்தில் ஒலித்தாக வேண்டும். 'டெர்' இருந்தால் அது அங்கே ஒலித்துவிடும், வரிசை எண் ஓய்வாக 'எ'யில் முடியலாம். 'டெர்' இல்லாதபோது வரிசை எண்ணே அந்த 'ர்'ரை ஏற்க வேண்டியிருக்கிறது. 'என்' என்ற பொருள் தரும் 'மைன்' வந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் 'மைன்' அந்த அடையாளத்தைக் காட்டுவதில்லை. இரண்டாவது மகன் 'மைன் ட்ஸ்வைட்டெர் ஸோன்', இரண்டாவது குழந்தை 'மைன் ட்ஸ்வைட்டெஸ் கின்ட்'. கின்ட் என்ற சொல் அஃறிணைபோல் மூன்றாம் பாலில் நிற்பதால் 'ஸ்'.

இதையெல்லாம் தாளில் சரியாகச் செய்கிறவர்களும் அலுவலகக் கவுன்டரில் திணறுவதுண்டு. ஒருவரின் பிறந்த தேதி 25.08.1987 என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. நாளுக்குப் பின்னால் ஒன்று, மாதத்துக்குப் பின்னால் ஒன்று. ஆகவே இரண்டுமே வரிசை எண்கள். 'நீங்கள் எப்போது பிறந்தீர்கள்?' என்று ஊழியர் கேட்டால், 'அம் ஃப்யுன்ஃப்-உன்ட்-ட்ஸ்வன்ட்ஸிக்ஸ்டென் அஹ்டென்' என்று பதில் சொல்ல வேண்டும். அதாவது இருபத்தைந்தாவது நாள், எட்டாவது மாதம். மாதத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. 'அம்' என்று தொடங்கிவிட்டதால் இரண்டுக்கும் 'என்' வருகிறது. ஆண்டுக்குப் பின்னால் புள்ளி இல்லை, அதனால் அது சாதாரண எண். விகுதி எதுவும் சேராது. பத்தொன்பது நூறு, ஏழும் எண்பதும் என்ற அமைப்பில் 'நொய்ன்ட்ஸேன்-ஹுன்டர்ட்-ஸீபென்-உன்ட்-அஹ்ட்ஸிக்' என்று சொல்லிவிடலாம். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளை இப்படி நூறு நூறாகப் பிரிப்பதில்லை. 2024 என்பது இரண்டாயிரம் என்றே தொடங்கும்.

இதே தேதியைக் காதால் கேட்டு எழுதுவது இன்னும் கடினம். ஜெர்மனில் 25 என்பது 'ஐந்தும் இருபதும்'. ஒன்றாம் இடம் முதலில் வந்துவிடுகிறது. கேட்கக் கேட்க எழுதுகிறவர்கள் 5 போட்டு, பக்கத்தில் 2 போட்டு, 52 என்று எழுதி வைத்திருப்பார்கள். தேதியாக இருந்தால் 52 என்ற நாள் கிடையாது என்பதால் தப்பு உடனே தெரிந்துவிடும். 12, 21 போன்றவை அப்படியே வேறு சொற்கள் என்பதால் அங்கே குழப்பம் குறைவு. வீட்டு எண்ணிலும் தொலைபேசி எண்ணிலும்தான் தவறு கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. தொலைபேசி எண்ணைப் பலர் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துச் சொல்வதால் ஆபத்து கூடுகிறது. சொல் முழுதும் காதில் விழும் வரை பேனாவை வைக்கக் கூடாது என்பதுதான் வகுப்பில் நான் பிடிவாதமாகச் சொல்கிற விஷயம். சந்தேகம் இருந்தால் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும்படி கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஜெர்மானியர்களே தொலைபேசியில் 'ட்ஸ்வை'யும் 'ட்ரை'யும் ஒன்றுபோல் கேட்கும் என்பதால் இரண்டை 'ட்ஸ்வோ' என்று மாற்றிச் சொல்கிறார்கள்.

தேதியைக் கேட்கும்போது வரிசை எண்ணின் முடிவு ஒரு துப்புக் கொடுக்கிறது. பதின்மூன்று 'ட்ரைட்ஸேன்', முப்பது 'ட்ரைஸிக்'. வேகமாகச் சொன்னால் இரண்டும் கலந்துவிடும். வரிசை எண்ணாக மாறும்போது ஒன்று '-ட்ஸேன்டென்' என்றும் மற்றது '-ஸிக்ஸ்டென்' என்றும் முடிகின்றன. முடிவில் 'ஸ்டென்' கேட்டால் அந்தத் தேதி 20 அல்லது அதற்கு மேல். ஏமாற்றக்கூடியவை இரண்டுதான்: ஒன்றாம் தேதியான 'ஏர்ஸ்டென்', ஆறாம் தேதியான 'ஸெக்ஸ்டென்'. இரண்டும் குட்டையான சொற்கள் என்பதால் பழகிவிட்டால் பிரித்துக் கேட்க முடியும்.

பட்டியல்களுக்கு வந்தால் வேலை குறைகிறது. காரணங்களை அடுக்கும்போது முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக என்று சொல்ல ஏர்ஸ்டென்ஸ், ட்ஸ்வைட்டென்ஸ், ட்ரிட்டென்ஸ் என்ற வடிவங்கள் இருக்கின்றன. 'என்ஸ்' சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு பாலும் இல்லை, வேற்றுமையும் இல்லை. வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் அப்படியே நிற்கும். ஆனால் 'மூன்றாவது காரணம்' என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் 'டெர் ட்ரிட்டெ க்ருன்ட்' என்று பழையபடி விகுதி ஓடத் தொடங்கும். எண் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தாலும் நிம்மதிதான். ரயில் நிலையத்தில் மூன்றாம் நடைமேடை 'க்ளைஸ் ட்ரை', புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயம் 'காப்பிட்டெல் ட்ரை'. இங்கெல்லாம் எழுத்தில் புள்ளி வராது, எண்ணை எண்ணாகவே சொன்னால் போதும்.

அரசர் பட்டியல் மட்டும் விலக்கு. அங்கே ரோமன் எண்ணுக்குப் பின்னாலும் புள்ளி உண்டு. 1918இல் பதவி இழந்த பேரரசர் 'வில்ஹெல்ம் II.' என்று எழுதப்படுகிறார். அவரைப் பற்றிச் சொல்லும்போது 'வில்ஹெல்ம் டெர் ட்ஸ்வைட்டெ', அவரோடு என்றால் 'மிட் வில்ஹெல்ம் டெம் ட்ஸ்வைட்டென்', அவருடைய என்றால் 'வில்ஹெல்ம்ஸ் டெஸ் ட்ஸ்வைட்டென்'. எழுத்தில் டெர், டெம், டெஸ் எதுவும் இருக்காது, படிக்கிறவர் விகுதியோடு அந்தச் சிறு சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தப் பெயர் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் இரண்டு புள்ளி போடுவதில்லை. எண்ணுக்கான புள்ளியே முற்றுப்புள்ளியாகவும் நிற்கும்.