பட்டனை மறைக்கும் பட்டை

மொபைலில் படிவத்தை நிரப்பி முடித்தபின் ‘சமர்ப்பி’ பட்டன் கண்ணில் படவில்லையா? பிரவுசரின் பட்டைக்குக் கீழே அது ஒளிந்திருக்கலாம்.

பக்கத்தின் உயரத்தை `100vh` என்று எழுதினால் திரை முழுவதும் என்று பொருள். ஆனால் மொபைல் பிரவுசர்கள் முகவரிப் பட்டை சுருங்கியபின் கிடைக்கும் பெரிய உயரத்தையே கணக்கில் எடுக்கின்றன. பட்டை சுருங்கினால் 740 பிக்சல், விரிந்திருந்தால் 660 என்று வைத்துக்கொள்வோம். பக்கம் திறக்கும்போது பட்டை விரிந்தே இருக்கும். அடியிலுள்ள 80 பிக்சல் தெரியாது. 48 பிக்சல் உயரப் பட்டன் அதற்குள் முழுதாக மறைந்துவிடும்.

2022-இல் முக்கிய பிரவுசர்களுக்கு வந்த புதிய அலகுகள் இதைத் தீர்க்கின்றன. `svh` பட்டை விரிந்த நிலையின் சிறிய உயரம்; `dvh` பட்டையோடு சேர்ந்து மாறும் உயரம். `dvh` வைத்தால் விரலால் நகர்த்தும்போது பக்க அமைப்பு அசையக்கூடும். பட்டன் நிலையாகத் தெரிய `svh` போதும்:

```css
.form {
  min-height: 100vh;
  min-height: 100svh;
}
```

பழைய பிரவுசர் இரண்டாம் வரியைப் புறக்கணித்து முதல் வரியை ஏற்கும். விசைப்பலகை எழும்பி மறைப்பதை மட்டும் இந்த அலகுகள் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை. கணினியில் சன்னலைச் சுருக்கிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. உண்மையான போனில்தான் சோதிக்க வேண்டும்.