கச்சான் மூடைக்கும் சான்றிதழுக்கும் இலக்கம் பொருந்துகிறதா?

ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். அது நீண்டகாலம் உடலுக்குள் போனால் ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. வறுத்தாலும் முழுமையாக அழியாது. அதனால்தான் சத்துமா தயாரிப்பவர்கள் கச்சான் வாங்கும்போது ஆய்வுகூடச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

நான் சென்று பார்த்த பெண்கள் குழுவொன்றுக்கு 20 மூடை இறக்குமதிக் கச்சான் வந்திருந்தது. விநியோகத்தர் சான்றிதழின் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மூடைகளோடு ஒப்பிட்டபோது, 12 மூடைகளின் தொகுதி இலக்கம் மட்டுமே அதில் இருந்தது. மற்ற 8 மூடைகள் வேறு தொகுதி. அவற்றைப் பற்றி அந்தச் சான்றிதழ் எதுவும் சொல்லவில்லை.

இப்படியான நேரத்தில் மூடைகளைத் தனியே வைத்துவிட்டு, இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்: "இந்தத் தொகுதிக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழும், யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்ற பதிவும் தேவை."

சான்றிதழில் ஆய்வுகூடத்தின் பெயர், பரிசோதித்த திகதி, அஃப்லாடொக்சின் அளவு ஆகியவை இருக்க வேண்டும். "திருப்தி" என்ற சொல் மட்டும் போதாது. பதப்படுத்தவுள்ள கச்சானுக்குக் கோடெக்ஸ் உணவு நியமம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்.

சரியான சான்றிதழும் முழு உத்தரவாதம் அல்ல. நஞ்சு ஒரு தொகுதிக்குள் சமமாகப் பரவியிருக்காது. எடுத்த மாதிரியில் அது அகப்படாமல் போகலாம். ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைக் கையால் பொறுக்கி எறியுங்கள். எந்தத் தொகுதிக் கச்சான் எந்த நாளின் சத்துமாவில் சேர்ந்தது என்பதையும் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு பிழை தெரியவந்தால், அந்த நாளின் பொதிகளை மட்டும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கலாம்.